‘மழையால தான் லேட் ஆயிடுச்சு’: பேட்டிகளைக் கோடிங் செய்து கருப்பொருளுக்கு வருவது எப்படி

ஒரு கட்டடம் ஏன் தாமதமானது என்று ஏழு பேரிடம் பேட்டி எடுத்து முடித்தாயிற்று. தட்டச்சு செய்த எழுத்துப்படிகள் நூற்றிச் சொச்சம் பக்கம் இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை எப்படி எழுதுவது என்று விழிக்கிற நிலையில்தான் பலர் என்னிடம் வருகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்கு நான் மேசையில் உட்கார்ந்து சொல்லித்தருவதை இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அரசுத் துறை ஒன்றுக்காக ஒரு மாவட்டத் தலைநகரில் கட்டிய, தரைத்தளமும் மாடியும் கொண்ட வகுப்பறைக் கட்டடம். ஒப்பந்தப்படி 12 மாதம், முடிந்தது 19 மாதத்தில். கட்டடமும் பேச்சுகளும் எண்களும் பயிற்சிக்காக நான் அமைத்தவை. ஆனால் சைட்டில் நின்று பேட்டி எடுத்தவர்களுக்கு இந்தக் குரல்கள் பழக்கமானவையாகவே இருக்கும்.

எழுத்துப்படியைத் தயார் செய்தல்

பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்ய, ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். சைட்டில் எடுத்த பேட்டியில் பின்னால் மிக்சர் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் கூடும். இந்த வேலையை வெளியே கொடுத்தாலும், பதிவை ஒருமுறையாவது முழுக்கக் கேட்டு நீங்களே ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்பதால் பலர் தட்டச்சு செய்யும்போதே ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பேசிய தமிழிலேயே, பேசியபடியே எழுதி, கோடிங்கையும், அதாவது ஒவ்வொரு பேச்சுக்கும் குறிச்சொல் இடுவதையும், தமிழிலேயே செய்யுங்கள். மேற்கோளாக எடுக்கப்போகும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும். ஏன் என்பதைப் பேச்சைப் பார்க்கும்போது சொல்கிறேன்.

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்பில் ‘பில்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு பேட்டிக்கும் ஒரு அடையாளம் கொடுங்கள்: கான்டிராக்டர் க1, சைட் என்ஜினீயர் ச1, துறையின் உதவிப் பொறியாளர் உ1, ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் வ1, மேஸ்திரி மே1, எலக்ட்ரிகல் வேலை எடுத்தவர் எ1, பள்ளித் தலைமையாசிரியர் த1. ஒவ்வொரு பேச்சுக்கும் வரி எண் இடுங்கள். மூன்று மாதம் கழித்து ‘இதை யார் எங்கே சொன்னார்?’ என்று தேடும்போது அந்த எண்தான் காப்பாற்றும்.

கருவி பற்றிக் கவலை வேண்டாம். Taguette, QualCoder இரண்டும் இலவசம். ஏழு பேட்டிக்கு ஸ்ப்ரெட்ஷீட்டே போதும். A பத்தியில் வரி எண், B-யில் பேட்டி அடையாளம், C-யில் பேச்சு, D-யில் குறிச்சொல், E-யில் சொன்னவருக்கு அது எப்படித் தெரியும் என்பது, F-இல் உங்கள் குறிப்பு. ஒரு பேச்சுக்கு இரண்டு குறிச்சொல் வந்தால் வரியை நகலெடுத்து இரண்டு வரியாக வையுங்கள். ஒரே கட்டத்துக்குள் இரண்டையும் திணித்தால் பிறகு வடிகட்ட முடியாது.

குறிச்சொல் இடுதல்

எல்லாப் பேட்டிகளையும் பேனாவைத் தொடாமல் ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குங்கள். இது ச1-இன் பேட்டியிலிருந்து ஒரு துண்டு:

41. சைட்டை ஏப்ரல்லயே குடுத்துட்டாங்க சார். டிராயிங்தான் வரல.
42. நாங்களும் போன் போட்டுக்கிட்டே இருந்தோம். இந்த வாரம் வந்துடும், அடுத்த வாரம் வந்துடும்னாங்க.
43. லெட்டரெல்லாம் போடல. லெட்டர் போட்டா அவங்களுக்கு மெமோ ஆயிடும், அப்புறம் நம்ம பில்லுதான் நிக்கும்.
44. மேஸ்திரி ஆளுங்களைச் சும்மா உக்கார வெக்க முடியுமா? வேற சைட்டுக்கு அனுப்பிட்டோம்.
45. அப்புறம் டிராயிங் வந்து, ஆளு சேத்து, குழி எடுத்தா மழை புடிச்சுக்கிச்சு.
46. மழையாலதான் சார் மொத்தமும் லேட் ஆயிடுச்சு.

புதிதாக வருகிறவர் இந்தத் துண்டுக்கு இடும் குறிச்சொற்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘டிராயிங்’, ‘தகவல் தொடர்பு’, ‘பில்’, ‘ஆள் பற்றாக்குறை’, ‘மழை’. இவை தவறில்லை, ஆனால் உதவாது. ‘பில்’ என்ற குறிச்சொல்லின் கீழே பில் தாமதமானது, பில் தாமதமாகுமோ என்று பயந்தது, பில் சீக்கிரம் வந்தது என எல்லாம் வந்து விழும். நாலு பேட்டி தாண்டியதும் அது குப்பைக் கூடையாகிவிடும்.

என்ன நடக்கிறது என்பதை வினையாகச் சொல்லுங்கள். 41-க்கு ‘வரைபடத்துக்குக் காத்திருத்தல்’. 42-க்கு ‘போனில் மட்டும் கேட்டல்’. 43-க்கு ‘எழுத்தில் போடத் தயங்குதல்’. 44-க்கு ‘ஆட்களை வேறு சைட்டுக்கு விடுதல்’. ஆள் பற்றாக்குறை என்று எழுதினால் தவறாகிவிடும், ஆட்கள் இருந்தார்கள், இவர்களே அனுப்பினார்கள். 45-க்கு ‘வேலை மழைக்காலத்துக்குள் தள்ளப்படுதல்’. 46-க்கு ‘மழையைக் காரணமாகச் சொல்லுதல்’.

கடைசி இரண்டையும் கவனியுங்கள். இரண்டிலும் மழை வருகிறது. 45-இல் அவர் நடந்ததை வரிசையாகச் சொல்கிறார். 46-இல் அதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார். நடந்ததற்கும் அதற்குச் சொல்லும் காரணத்துக்கும் தனித்தனிக் குறிச்சொல் வேண்டும். தாமதத்தைப் பற்றிய பேட்டிகளில் இது தவிர்க்கவே முடியாதது, ஏனென்றால் தாமதத்துக்குப் பின்னால் அபராதம், காலநீட்டிப்பு, யார் மேல் பழி என்ற கேள்விகள் நிற்கின்றன. யாரும் சும்மா பேசுவதில்லை.

‘நம்ம பில்லுதான் நிக்கும்’ போல, பேசியவரின் வாயிலிருந்தே வந்த கூர்மையான சொல்லை அப்படியே குறிச்சொல்லாகவும் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் அப்படி வைத்தால் பட்டியல் கட்டுக்கடங்காது. பேட்டிக்கு இரண்டு மூன்று போதும்.

முன்பே வெளியான பட்டியல்களைக் கொண்டுவந்து குறிச்சொல்லாக ஒட்டுகிறவர்களும் உண்டு. சவூதி அரேபியாவின் பெரிய கட்டுமானத் திட்டங்களைப் பற்றி அசாஃப், அல்-ஹெஜ்ஜி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் தாமதத்துக்கான 73 காரணங்கள் இருக்கின்றன. அது கேள்வித்தாள் ஆய்வு. ஒவ்வொரு காரணத்துக்கும் எவ்வளவு கனம் என்று கேட்டு வரிசைப்படுத்துவது அதன் வேலை. அந்த 73-ஐயும் எடுத்துக்கொண்டு உங்கள் பேட்டிக்குள் போனால், 43-ஆம் வரிக்குப் பொருந்தும் கட்டம் கிடைக்காமல் அதை ‘தகவல் தொடர்புக் குறைபாடு’ என்ற கட்டத்தில் போட்டுவிடுவீர்கள். அங்கே தகவல் தொடர்பு குறையவே இல்லை. தினம் போன் போயிருக்கிறது. பட்டியலை உங்கள் குறிச்சொற்கள் தயாரான பிறகு ஒப்பிட்டுப் பார்க்க எடுங்கள்.

தமிழ்ப் பேச்சு காட்டிக்கொடுக்கும் மூன்று இடங்கள்

மொழிபெயர்க்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

முதலாவது, ‘லேட் ஆயிடுச்சு’க்கும் ‘லேட் பண்ணிட்டாங்க’வுக்கும் உள்ள வேறுபாடு. ஆனதா, ஆக்கினார்களா? பில் நின்னுடுச்சா, நிறுத்திட்டாங்களா? தமிழில் யார் செய்தார் என்று சொல்லாமலே ஒரு முழு கதையைச் சொல்லிவிட முடியும். ஒருவர் எந்த இடத்தில் ‘ஆயிடுச்சு’வுக்கு நழுவுகிறார் என்று அடிக்கோடிடுங்கள். ச1 தன் ஆட்களை அனுப்பியதை ‘அனுப்பிட்டோம்’ என்று துணிந்து சொல்கிறார். மொத்தத் தாமதத்துக்கு வரும்போது ‘ஆயிடுச்சு’. உ1-இன் பேட்டியில் வரைபடம் பற்றிய பகுதி முழுவதும் ‘ஆயிடுச்சு’தான். ஆங்கிலத்தில் இரண்டுமே ஒரே மாதிரி வாக்கியமாக வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, ‘-ஆம்’. உ1 சொல்கிறார்: ‘மண் ரிப்போர்ட் ஜூன்லதான் வந்துச்சாம்.’ அவர் பார்க்கவில்லை, கேள்விப்பட்டிருக்கிறார். E பத்தி இதற்குத்தான்: ‘பார்த்தது’, ‘செய்தது’, ‘கேள்விப்பட்டது’ என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். நாலு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள் என்று மகிழ்ந்து எழுதிய பிறகு, மூன்று பேர் நாலாமவரிடம் கேட்டதைத்தான் சொன்னார்கள் என்று தெரியவந்தால் சங்கடம்.

மூன்றாவது ‘நாங்க’, ‘நம்ம’. 42-இல் ‘நாங்களும் போன் போட்டுக்கிட்டே இருந்தோம்’ என்றவர் 43-இல் ‘நம்ம பில்லு’ என்கிறார். கேட்பவரையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறாரா? இருக்கலாம். ஆனால் பேச்சுவழக்கில் ‘நம்ம’ சாதாரணமாகத் தன்னைக் குறிக்கவும் வரும், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். இதை F பத்தியில் குறித்துவையுங்கள், ஆதாரமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். நான் ஒருமுறை ஒரு ‘நம்ம’வின் மேல் அரைப் பக்கம் எழுதி, பதிவைத் திரும்பக் கேட்டபோது அந்த ஆள் தன் மோட்டார் சைக்கிளையும் ‘நம்ம வண்டி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

குறிச்சொல் ஏடு

இரண்டு மூன்று பேட்டிகளுக்குப் பிறகு நிறுத்துங்கள். அறுபது எழுபது குறிச்சொற்கள் சேர்ந்திருக்கும். அவற்றில் பாதி ஒன்றையே வேறு சொல்லில் சொல்பவை. ஒன்றுசேர்த்து முப்பதுக்குள் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை எழுதுங்கள். எழுத்தில் போடத் தயங்குதல் என்பதற்கு நான் எழுதுவது இது:

தாமதத்தையோ அதன் காரணத்தையோ கடிதமாகவோ பதிவேட்டிலோ எழுத வாய்ப்பிருந்தும், விளைவை நினைத்து எழுதாமல் விட்டதாக ஒருவர் சொல்லும் இடம். தன்னைப் பற்றிச் சொன்னாலும் பிறரைப் பற்றிச் சொன்னாலும் சேரும். எழுத வேண்டும் என்றே தெரியாமல் இருந்தது, எழுத மறந்தது இரண்டும் சேராது. எடுத்துக்காட்டு: ச1, வரி 43.

‘சேராது’ என்ற பகுதிதான் இதில் வேலை செய்யும். அது இல்லாத ஏட்டில் குறிச்சொல் வாராவாரம் பருத்துக்கொண்டே போகும். வரையறை மாறினால், முன்பு கோடிங் செய்த பேட்டிகளுக்குத் திரும்பிப் போய்த் திருத்த வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் முதல் பேட்டியும் ஏழாவது பேட்டியும் ஒரே அளவுகோலில் இருக்க வேறு வழி இல்லை.

எண்ணிக்கை சொல்லும் பொய்

ஏழும் முடிந்ததும் எந்தக் குறிச்சொல் எத்தனை முறை என்று எண்ணத் தோன்றும். எண்ணுங்கள், தவறில்லை:

```
=COUNTIFS(B:B,"ச1",D:D,"எழுத்தில் போடத் தயங்குதல்")
```

நம் கட்டடத்தில் ‘மழையைக் காரணமாகச் சொல்லுதல்’ ஆறு பேட்டிகளில் 23 முறை வருகிறது. ‘எழுத்தில் போடத் தயங்குதல்’ நான்கு பேட்டிகளில் 9 முறைதான். எண்ணிக்கையை நம்பினால், முதல் கருப்பொருள் மழை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இப்போது ஆவணங்களை விரியுங்கள். தனி நிகழ்வு ஆய்வு பேட்டிகளை மட்டும் நம்பி நிற்பதில்லை. சைட் ஆர்டர் புத்தகம், அளவுப் புத்தகம், கடிதக் கோப்பு, கான்டிராக்டரின் நாட்குறிப்பு ஆகியவற்றிலிருந்து தேதிகளை மட்டும் எடுத்து ஒரு காலக்கோடு போடுங்கள். சைட் ஒப்படைப்பு ஏப்ரல் முதல் வாரம். மண் பரிசோதனை அறிக்கை ஜூன். கரிசல் மண் என்பதால் அஸ்திவார வடிவமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. திருத்திய வரைபடம் ஆகஸ்ட் கடைசி. வேறு சைட்டுக்குப் போன ஆட்கள் திரும்பிவந்து குழி தோண்டத் தொடங்கியது செப்டம்பர் நடுவில். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து குழிகளை நிரப்பியது. மழைக்காக வேலை நின்ற நாட்கள், நாட்குறிப்பின்படி, 22.

ஐந்தரை மாதம் ஒரு குழிகூட எடுக்கவில்லை. அதற்குப் பிறகு 22 நாள் மழை. பேட்டிகளில் மழை 23 முறை. இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் கேள்வி மாறுகிறது: மழை எவ்வளவு தாமதப்படுத்தியது என்பதை விட்டுவிட்டு, ஏன் எல்லோரும் மழையையே சொல்கிறார்கள் என்று கேட்கத் தொடங்குகிறோம். மே1 மட்டும் சொல்லவில்லை. ‘ஐப்பசில மழை பெய்யும்னு தெரியாதாங்க? அதுக்குள்ள தரைக்கு மேல வந்திருக்கணும்’ என்கிறார். காலநீட்டிப்பு விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கருப்பொருளுக்கு வருதல்

குறிச்சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்புங்கள். திரையில் செய்வதைவிட இது எனக்கு எளிது. எது எதை இழுக்கிறது என்று பார்த்து அடுக்குங்கள். வரைபடத்துக்குக் காத்திருத்தல், போனில் மட்டும் கேட்டல், எழுத்தில் போடத் தயங்குதல், மழையைக் காரணமாகச் சொல்லுதல் நான்கும் ஒரு குவியலில் வந்து சேர்கின்றன. உ1-இன் வரி ஒன்று அவற்றைக் கட்டிப்போடுகிறது: ‘காலநீட்டிப்புக்குக் காரணம் எழுதணும்ல. மழைன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.’

இந்தக் குவியலுக்குத் ‘தகவல் தொடர்புப் பிரச்சினைகள்’ என்று பெயர் வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. அது ஒரு தலைப்பு. கருப்பொருள் என்பது ஒரு கூற்று; எழுவாயும் பயனிலையும் அதற்கு வேண்டும், மறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நான் வைப்பது: ‘யாரையும் நோகடிக்காத காரணம் மட்டுமே எழுத்தில் ஏறுகிறது, அதனால் உண்மையான தடை சரிசெய்யும் நேரத்தில் யார் மேசைக்கும் போவதில்லை.’ இதில் ஏன் தாமதம் என்பதற்கான விடை இருக்கிறது. வரைபடம் தர வேண்டியிருந்த வ1 சொன்னதைப் பாருங்கள்: ‘எங்கிட்ட யாரும் அவசரம்னு சொல்லல. ஒரு லெட்டர் வந்திருந்தா இதை முன்னாடி எடுத்திருப்பேன்.’ ச1 துறைக்குப் போன் போட்டார், துறை வ1-க்கு எழுதவில்லை.

பிரவுன், கிளார்க் இருவரும் கருப்பொருள் பகுப்பாய்வை ஆறு கட்டங்களாக விளக்கி 2006-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உங்கள் வழிகாட்டி அதைத்தான் கையில் கொடுப்பார். கருப்பொருள்கள் தரவிலிருந்து தாமாக வெளிப்பட்டன என்று எழுதுவதை அந்தக் கட்டுரை ஏற்பதில்லை. ஆய்வாளர் தேர்ந்தெடுத்து அமைக்கிறார் என்கிறது. ஆகவே, எப்படி அமைத்தீர்கள் என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையது. F பத்தியில் தேதி போட்டு எழுதிய குறிப்புகள் இங்கேதான் கைகொடுக்கும்.

உடைத்துப் பார்த்தல்

கூற்று கிடைத்ததும் அதற்கு எதிரான வரிகளைத் தேடிப் போங்கள். எ1-இன் பேட்டியில் ஒன்று இருக்கிறது. மின்பலகையின் இடம் மாறியபோது அவர் துறைக்கு நேராகக் கடிதம் எழுதினார், ஒன்பது நாளில் பதில் வந்தது. அப்படியானால் எல்லோரும் எழுதத் தயங்குகிறார்கள் என்பது பொய்யாகிறது.

இதை ஒதுக்கிவிடாதீர்கள். எ1-க்குப் பணம் கொடுப்பது கான்டிராக்டர், துறை அல்ல. கடிதத்தைப் பெறுகிறவர் கையில் அவருடைய பில் இல்லை. க1, ச1 இருவருக்கும் இருக்கிறது. ஆக, கூற்றை இப்படிக் குறுக்க வேண்டும்: கடிதத்தைப் பெறுபவரே பில்லையும் பாஸ் செய்பவராக இருக்கும் இடத்தில்தான் தாமதம் எழுத்தில் ஏறுவதில்லை. முன்பைவிடச் சிறிய கூற்று, முன்பைவிட உறுதியானது. எதிர் வரி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் நான் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் கூற்று எதையும் மறுக்காத அளவுக்கு மொண்ணையாக இருக்கும்.

இரண்டாவது ஆள் ஒருவரைக் கொண்டு இரண்டு பேட்டிகளைக் கோடிங் செய்யச் சொல்வதும் நல்லது. இருவர் இட்ட குறிச்சொற்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா மதிப்பைச் சில துறைகளில் கேட்பார்கள், கேட்டால் கொடுங்கள். எனக்கு அந்த எண்ணைவிட, இருவரும் எந்த வரியில் முரண்பட்டோம் என்பதுதான் பயன்பட்டிருக்கிறது. 46-ஆம் வரிக்கு அவர் வெறும் ‘மழை’ என்று இட்டிருந்தால், ஏட்டில் உங்கள் வரையறை தெளிவாக இல்லை என்று பொருள்.

எழுதும்போது

அத்தியாயத்தில் மூன்று அல்லது நான்கு கருப்பொருள் போதும். ஒவ்வொன்றையும் கூற்றாகத் தொடங்கி, மேற்கோள், ஆவணத் தேதி, எதிர் வரி என்று கொண்டுபோங்கள். மேற்கோளைத் தமிழில் கொடுத்துக் கீழே மொழிபெயர்ப்பைக் கொடுக்கலாம். ‘ஆயிடுச்சு’ போன்ற இடங்களில் செய்தவர் சொல்லப்படவில்லை என்று ஒரு குறிப்பும் தேவைப்படும். தாமதத்தில் இத்தனை சதவீதம் இந்தக் காரணத்தால் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு கட்டடத்தின் ஏழு பேட்டிகளால் அதைச் சொல்ல முடியாது; ஒரு தடை எப்படி எழுத்தில் மறைந்தது என்பதைச் சொல்ல முடியும்.

பெயரை மறைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த சைட்டில் உதவிப் பொறியாளர் ஒருவர்தான். ‘உ1’ என்று போட்டாலும், அந்த அலுவலகத்தில் யார் படித்தாலும் ஆளைத் தெரிந்துகொள்வார்கள். ‘மழைன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க’ என்ற வரி அவருக்கு ஒரு விளக்கக் கடிதத்தைக் கொண்டுவரக்கூடும். மாவட்டத்தையும் ஆண்டையும் கட்டடத்தின் வகையையும் மங்கலாக்குங்கள். இத்தகைய வரிகளைப் பதவி சொல்லாமல் ‘துறை சார்ந்த ஒருவர்’ என்று கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை அவரிடமே காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிட்டு, காலநீட்டிப்பு விண்ணப்பத்தில் எழுதிய காரணத்தையும் காலக்கோட்டின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாதி வலு குறையும், ஆனால் கூற்று நிற்கும்.